எட்டுப் பேர், ஒரே மேசை: ஹோட்டலில் பகிர்ந்து சாப்பிட ஆர்டர் செய்வது எப்படி

அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் என்றால், பக்கத்தில் இருக்கும் மல்டிகுசின் ஹோட்டலில் மேசை பிடிப்பது வழக்கம். மெனு கார்டு கைமாறும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசியில் மேசையில் மூன்று சிக்கன் ஐட்டம், ஒரு பனீர், மலை மாதிரி ஃபிரைடு ரைஸ். சைவம் சாப்பிடுகிறவருக்கு இரண்டு துண்டு பனீரும் வெறும் ரொட்டியும்தான் மிஞ்சும். பணம் குறைவாகச் செலவழித்ததால் இப்படி ஆவதில்லை. எண்ணிக்கையைத் தவறாகப் போட்டதால்தான் ஆகிறது.

பகிர்ந்து சாப்பிட ஆர்டர் செய்யும்போது "எத்தனை பேர், எத்தனை ஐட்டம்" என்று கணக்குப் போடுவது பழக்கம். அதைவிட "ஒவ்வொருவராலும் இந்த மேசையில் எத்தனை ஐட்டம் சாப்பிட முடியும்" என்று எண்ணிப் பார்ப்பதே சரியான கணக்கு. யாருக்குத் தேர்வு மிகக் குறைவோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கானது அதன்பின் தானாகவே அமைந்துவிடும்.

இதற்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன சாப்பிடுறீங்க?" அல்ல, "எதெல்லாம் சாப்பிட மாட்டீங்க?" என்பதுதான். முதல் கேள்விக்கு எல்லோரும் "எதுவா இருந்தாலும் ஓகே" என்பார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். வரும் பதில்களையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உடம்புக்கு ஆகாதது, அதாவது ஒவ்வாமை, அல்சர் போன்றவை. நம்பிக்கையால் தொடாதது, அதாவது சைவம், ஹலால், வெங்காயம் பூண்டு கூடாது என்பவை. மூன்றாவது வெறும் பிடிக்காதது. முதல் இரண்டிலும் சமரசம் கிடையாது. மூன்றாவதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கேட்பதை முந்தைய நாளே, முடிந்தால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பது நல்லது. எல்லோர் முன்னாலும் தன் வயிற்றுக் கோளாறைச் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். கிழமையையும் சேர்த்துக் கேளுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களிலேயே செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் தொடாதவர்கள் உண்டு. புரட்டாசி மாதத்தில் உங்கள் குழுவின் சைவக் கணக்கே மாறிப்போகும்.

ஓர் எடுத்துக்காட்டாக இந்த எட்டுப் பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சௌகார்பேட்டையிலிருந்து வரும் ஜெயின் நண்பர். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் போன்ற மண்ணுக்கடியில் விளைவது எதையும் சாப்பிட மாட்டார். இரண்டாமவர் முட்டையும் தொடாத சைவம். மூன்றாமவர் சைவம், முட்டை பரவாயில்லை. நான்காமவருக்கு இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும். ஐந்தாமவர் கோழி, மீன் சாப்பிடுவார், மட்டன் வேண்டாம். ஆறாமவர் அசைவம்தான், ஆனால் அல்சர் இருப்பதால் காரம் ஆகாது. ஏழாமவர் குண்டூர்க்காரர், காரம் இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. எட்டாமவர் எல்லாம் சாப்பிடுவார், முந்திரி மட்டும் ஒவ்வாது.

ஹோட்டலைத் தேர்வு செய்யும்போதே ஒரு சிக்கலை முடித்துவிடலாம். போனில் "உங்க கடையில சிக்கன், மட்டன் ஹலாலா?" என்று கேட்டு, ஆம் என்று சொல்லும் இடத்தைப் பிடித்துவிட்டால், நான்காமவருக்காக மேசையில் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மற்ற அசைவக்காரர்களுக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. நேரமும் அப்படித்தான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத ஜெயின்கள் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் அப்படிப்பட்டவர் என்றால் இரவு விருந்தை மதிய விருந்தாக மாற்றுவதே எளிது.

இனி மெனு கார்டு. அதில் ஐம்பது கிரேவி இருந்தாலும் சமையலறையில் ஐம்பது வகை கிரேவி கொதிக்காது. பெரும்பாலான மல்டிகுசின் ஹோட்டல்களில் காலையிலேயே இரண்டு மூன்று அடிப்படைக் கிரேவிகளைப் பெரிய பாத்திரங்களில் செய்து வைத்துவிடுவார்கள். வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்தது ஒன்று. முந்திரி அரைத்த வெள்ளைக் கிரேவி ஒன்று. தக்காளி, வெண்ணெய், முந்திரி சேர்ந்த மக்கனி கிரேவி ஒன்று. ஆர்டர் வந்ததும் இதில் ஒன்றை வாணலியில் ஊற்றி, பனீரோ காய்கறியோ கோழியோ போட்டு, மசாலா தூவி இறக்குவார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் விலகிவிடும். பனீர் பட்டர் மசாலா, மலாய் கோஃப்தா, நவரத்தின குருமா, பட்டர் சிக்கன் எல்லாமே காரம் குறைந்தவை. அல்சர் உள்ளவருக்கு ஏற்றவை என்று உடனே தோன்றும். ஆனால் அந்தச் சாதுவான சுவை பெரும்பாலும் முந்திரியிலிருந்து வருவது. எட்டாமவருக்கு அதுவே ஆபத்து. இந்தக் கிரேவிகளிலும் பெரும்பாலும் வெங்காயம் அரைபட்டிருக்கும், அதைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் ஜெயின் நண்பருக்கும் இவை ஆகாது.

ஆக, எதை மாற்றிச் செய்ய முடியும், எதை முடியாது என்பதற்கு ஒரு கேள்வி போதும்: "இது இப்போ செய்யுறதா, ஏற்கெனவே ரெடியா இருக்குறதா?" ஆர்டர் வந்தபின் வாணலியில் வதக்குவது, தாளிப்பது என்றால் மிளகாயைக் குறைக்கலாம், வெங்காயத்தை விடலாம். மசாலாவில் ஊறவைத்த தந்தூரி, சிக்கன் 65, அடிப்படைக் கிரேவியில் செய்வது, தம் போட்டு இறக்கிய பிரியாணி இவற்றில் மாற்ற ஒன்றுமில்லை. பிரியாணிக்கு "காரம் கம்மியா" என்று சொன்னால் சர்வர் தலையாட்டுவார், வருவது அதே பிரியாணிதான்.

ஜெயின் நண்பரிடமிருந்து தொடங்குவோம். அவருக்கு மிகவும் கைகொடுப்பது தால் தடுக்கா. பருப்பு ஏற்கெனவே வெறுமனே வெந்திருக்கும். சுவையெல்லாம் கடைசியில் போடும் தாளிப்பில்தான். சீரகம், பெருங்காயம், தக்காளி, கொத்தமல்லி மட்டும் போட்டு, வெங்காயம் பூண்டு இல்லாமல் தாளித்துத் தர எந்த சமையல்காரராலும் முடியும். பருப்பு வேகும்போதே பூண்டு சேர்க்கும் கடைகளும் உண்டு, அதனால் கேட்டுவிடுவது நல்லது. இந்தத் தாலை மிளகாய் குறைவாகச் சொன்னால் எட்டுப் பேரும் சாப்பிடலாம். அதனாலேயே ஒன்று போதாது, இரண்டு சொல்ல வேண்டும்.

அடுத்தது வெண்டைக்காய் டிரை ஃபிரை. கிரேவி இல்லாமல் சீரகம், மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூளில் வதக்கித் தரச் சொல்லலாம். ஸ்டார்ட்டருக்கு கிரிஸ்பி கார்ன். சோளத்தை மாவில் புரட்டிப் பொரித்து, கடைசியில்தான் வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூளோடு பிரட்டுவார்கள். அந்தக் கடைசிக் கட்டத்தில் உப்பும் துளி மிளகுத்தூளும் மட்டும் போடச் சொன்னால் ஜெயின் நண்பருக்கும் அல்சர் உள்ளவருக்கும் சரியாக இருக்கும். இதுவும் எல்லோரும் கை நீட்டும் ஐட்டம், ஆகவே இரண்டு பிளேட். சர்வரிடம் "ஜெயின்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். "வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வேண்டாம்" என்று பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லி, திருப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சமையலறைக்குள் போவது அந்தச் சீட்டுதான்.

சைவத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர் சைவம் மட்டும்தான் சாப்பிடுவார். அசைவம் சாப்பிடுகிறவர் இரண்டையும் சாப்பிடுவார். நம் குழுவில் சைவம் மூன்று பேர்தானே என்று அவர்களுக்கு அளவாக ஒரு கடாய் பனீர் சொன்னால், கிண்ணம் மேசையைச் சுற்றும்போது மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்கள். யாரும் பேராசைப்படவில்லை, ஆனாலும் கிண்ணம் காலி. சைவ ஐட்டங்களை எட்டுப் பேருக்கான கணக்கில் சொல்ல வேண்டும், அசைவத்தை ஐந்து பேருக்கான கணக்கில். அதோடு, யாருக்கு வேறு வழியில்லையோ அவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெண்டைக்காய் முதலில் ஜெயின் நண்பரிடம், பனீர் முதலில் இரண்டு சைவக்காரர்களிடம்.

சைவத்துக்குள் ஒளிந்திருக்கும் அசைவமும் உண்டு. பிரியாணிக் கடைகளில் குஸ்கா என்று தருவது பெரும்பாலும் அதே மட்டன் அல்லது சிக்கன் பிரியாணியின் சாதம்தான், துண்டு மட்டும் இருக்காது. பரோட்டாவோடு வரும் சால்னா பல இடங்களில் எலும்பு போட்டுக் கொதித்தது. பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. வெஜ் சூப்புக்குச் சிக்கன் வேகவைத்த தண்ணீரை ஊற்றும் சமையலறைகளும் இருக்கின்றன. கோபி 65யும் சிக்கன் 65யும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படலாம். நேராகக் கேட்டால் பெரும்பாலான கேப்டன்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். "வெஜ்ஜா அண்ணா?" என்று கேட்டால் "வெஜ்தான்" என்றுதான் பதில் வரும். "சிக்கன் பொரிச்ச எண்ணெயா, தனி எண்ணெயா?" என்று கேட்டால்தான் உள்ளே போய் விசாரித்துச் சொல்வார். ஒரே எண்ணெய் என்றால் நம் கிரிஸ்பி கார்னுக்கும் சேர்த்துத் தனி வாணலியில் பொரிக்கச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் வேறு ஸ்டார்ட்டர் பார்ப்பதே சரி.

இப்போது காரம். நிறத்தை வைத்துக் காரத்தைக் கணிக்கக் கூடாது. தந்தூரி சிக்கன் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வந்தாலும், அந்த நிறம் காஷ்மீரி மிளகாயிலிருந்தோ கலர் பொடியிலிருந்தோ வந்தது. காஷ்மீரி மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. அதே சமயம் வெளிறிய பச்சை நிறத்தில் வரும் ஆந்திரா சில்லி சிக்கன் முழுக்க முழுக்கப் பச்சை மிளகாய். பெப்பர் சிக்கனில் மிளகாயே இல்லாமலும் காரம் இருக்கும். மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள் வேறு, மிளகாயினுடையது வேறு. "மிளகாய் வேண்டாம்" என்று சொன்னதற்காக மிளகை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். அல்சர் உள்ளவருக்காகச் சொல்லும்போது இரண்டையும் பெயர் சொல்லிக் குறைக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு.

பலரும் செய்வது என்னவென்றால், எல்லா ஐட்டத்தையும் "மீடியம் ஸ்பைஸி" என்று சொல்லிவிடுவார்கள். அதில் யாருக்கும் திருப்தி இல்லை. குண்டூர்க்காரருக்குச் சப்பென்று இருக்கும், ஆறாமவருக்கு வயிறு எரியும். சாப்பாட்டில் காரத்தை மேசையில் சேர்த்துக்கொள்ளலாம், எடுக்க முடியாது. ஆகவே பொதுவான ஐட்டங்களைச் சாதுவாகவே சொல்லிவிட்டு, நல்ல காரமாக ஒன்றை மட்டும் அதன் இயல்பிலேயே வரவழைக்க வேண்டும். நம் மேசையில் அது ஆந்திரா சில்லி சிக்கன். அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். குண்டூர்க்காரர் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருப்பார். தாலுக்கும் சாதத்துக்கும் அவருக்கு உப்பு போட்டு வறுத்த பச்சை மிளகாயும் ஊறுகாயும் தனித் தட்டில் கேட்டு வாங்கிவிடலாம். தவறிப்போய் யாராவது காரத்தைக் கடித்துவிட்டால் தண்ணீர் உதவாது. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. பாலிலுள்ள புரதம் அதைப் பிடித்து நாக்கிலிருந்து விலக்கும். அதனால் மேசையில் ஒரு கிண்ணம் வெறும் தயிர் இருப்பது நல்லது. ஆனியன் ரைத்தா ஜெயின் நண்பருக்கு ஆகாது, எனவே வெள்ளரிக்காய் ரைத்தாவாகச் சொல்லிவிடலாம்.

முந்திரி ஒவ்வாதவர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. முந்திரி உள்ள ஐட்டமே அந்த மேசைக்கு வர வேண்டாம். "அவர் மட்டும் அதை எடுக்காமல் இருந்தால் போதும்" என்பது பகிர்ந்து சாப்பிடும் மேசையில் நடக்காது. பட்டர் மசாலாவில் போட்ட கரண்டி அடுத்த நிமிடம் தாலில் இருக்கும். ஒவ்வாமை கடுமையாக உள்ளவருக்கு அந்தச் சிறு அளவே உதடு வீங்க, மூச்சுத் திணறப் போதுமானது. அப்படி ஏதாவது தென்பட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். முந்திரி கிரேவியில் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. தயிர் சாதத்தின் மேல் தாளித்துப் போடுவார்கள், கூடவே துருவிய கேரட்டும் இருக்கும். பிரியாணியின் மேல் வறுத்துத் தூவுவார்கள். செட்டிநாட்டு கிரேவியில் கசகசாவோடு அரைத்திருப்பார்கள். மலாய் டிக்கா ஊறும் மசாலாவிலும் சேரும். ஆர்டர் கொடுத்து முடித்ததும் கேப்டனிடம் முழுப் பட்டியலையும் காட்டி, "இதுல எதுலயாவது முந்திரி இருக்கா, அரைச்சதோ மேல தூவுறதோ?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். சமையலறையில் அதே வாணலி, அதே கரண்டி புழங்குவதால் எந்த ஹோட்டலும் முழு உத்தரவாதம் தர முடியாது. தூசியளவு முந்திரிகூட ஆகாது என்னும் நிலையில் இருப்பவர் என்றால், எங்கே போவது என்பதையே அவரிடம் விட்டுவிடுவதுதான் நியாயம்.

இவ்வளவும் சேர்ந்து நம் ஆர்டர் இப்படி அமையும். ஸ்டார்ட்டருக்கு கிரிஸ்பி கார்ன் இரண்டு, கோபி 65 ஒன்று, தந்தூரி சிக்கன் ஃபுல் ஒன்று. சைட் டிஷ்ஷுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத தால் தடுக்கா இரண்டு, வெண்டைக்காய் டிரை ஃபிரை ஒன்று, முந்திரி சேர்க்காத கடாய் பனீர் ஒன்று, ஆந்திரா சில்லி சிக்கன் ஒன்று. ஆறாமவரை மனதில் வைத்து மீன் மொய்லி ஒன்று. கேரளத்து வகை இது, தேங்காய்ப்பால் ஊற்றியது. கீறிப் போடும் பச்சை மிளகாயை விட்டுவிடச் சொன்னால் காரமே தெரியாது. சாதத்தில் சீரக சாதம் ஒன்று, வெறும் தயிர் சாதம் ஒன்று, மட்டன் பிரியாணி ஒன்று. பிரியாணிக்கு மூன்று பேர்தான் ஆள் என்பதால் ஒன்றே போதும். ரொட்டி முதலில் எட்டு மட்டும். ரொட்டி ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும், எனவே மொத்தமாகச் சொல்லாமல் தேவைப்படும்போது அடுத்த நான்கைச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கிண்ணம் கிரேவி பொதுவாக இரண்டு மூன்று பேருக்கு வரும். கடைக்குக் கடை கிண்ணம் மாறும் என்பதால் "இது எத்தனை பேருக்கு வரும், எத்தனை பீஸ்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த மீன் வேண்டும் என்று யாராவது சொன்னால், மெனுவில் விலை போடாமல் "அளவைப் பொறுத்து" என்று இருக்கும் இடத்தில் விலையைக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

சீட்டை அனுப்பும் முன் ஒவ்வொருவராக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஸ்டார்ட்டர், இரண்டு சைட் டிஷ், ஒரு சாதமோ ரொட்டியோ, இது குறைந்தபட்சம். ஜெயின் நண்பருக்குக் கார்ன், தால், வெண்டைக்காய், ரொட்டி, சீரக சாதம் இருக்கிறது. ஆறாமவருக்குக் கார்ன், தால், மொய்லி, தயிர் சாதம் இருக்கிறது. ஐந்தாமவருக்குப் பிரியாணி இல்லை, ஆனால் தந்தூரி, சில்லி சிக்கன், மீன் மூன்றும் உண்டு. எட்டாமவர் முந்திரி கேட்டு முடித்த பட்டியலில் எதையும் எடுக்கலாம். யாருக்காவது இந்தக் கணக்கில் ஒன்று குறைந்தால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், மேசையில் அதிகப்படியாக இருக்கும் ஒன்றை அவருக்கு ஏற்றதாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆனியன் ரைத்தாவுக்குப் பதில் வெள்ளரிக்காய் ரைத்தா வந்தது அப்படித்தான்.

மாற்றிச் செய்யச் சொன்னவற்றை முதலில் போகச் சொல்லுங்கள். தனி வாணலி கழுவி, தனியாகத் தாளித்து வருவதற்கு நேரமாகும். மற்றவர்கள் எல்லோரும் சாப்பிடத் தொடங்கியபின் ஒருவர் மட்டும் தால் வருமா என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைப் போல் மனதைக் கஷ்டப்படுத்துவது வேறில்லை.

உணவு வந்ததும் ஒவ்வொரு கிண்ணமும் இறங்கும்போது அது என்னவென்று சர்வரிடம் பெயர் கேளுங்கள். கோபி 65யும் சிக்கன் 65யும் ஒரே சிவப்பு மொறுமொறுப்பில், ஒரே தட்டில், ஒரே கறிவேப்பிலைத் தூவலோடு வரும். ஒன்றை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். காலிஃபிளவர் என்றால் வெள்ளையாகப் பூப்பூவாக உதிரும், கோழி என்றால் நார் நாராகப் பிரியும். இரண்டையும் ஒன்றாக ஆர்டர் செய்யாமல் அசைவத்துக்குத் தந்தூரி வைத்தது இதனால்தான். தால் மேல் மஞ்சளாக மிதப்பது தக்காளித் தோலா வெங்காயத் துண்டா என்று கரண்டியால் ஒருமுறை கிளறிப் பாருங்கள். பழக்க தோஷத்தில் தாளிப்பில் வெங்காயம் விழுந்துவிடுவது அடிக்கடி நடப்பது. விழுந்திருந்தால் பொறுக்கி எடுத்துத் தரச் சொல்லாமல் புதிதாகவே கேட்கலாம். சீட்டில் எழுதிப் படித்துக் காட்டியது உங்கள் பக்கம் இருக்கும்.

கிண்ணத்துக்கு ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள். சைவக் கிண்ணங்களை மேசையின் ஒரு பக்கமாகவும், சில்லி சிக்கனையும் மொய்லியையும் மறுபக்கமாகவும் வைத்தால் கரண்டி மாறுவது வெகுவாகக் குறையும். உட்காரும்போதே சைவக்காரர்கள் மூவரும் அந்தப் பக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது, கை மேசையைக் கடக்க வேண்டியதில்லை.

இனிப்புக்கும் இதே கேள்விகள்தான். குல்ஃபி, ரசமலாய், கேரட் அல்வா மூன்றும் முதலில் வாயில் வரும். முதல் இரண்டில் பாதாம், பிஸ்தா, முந்திரி போன்ற பருப்புகள் சேரும், மூன்றாவது ஜெயின் நண்பருக்கு ஆகாது, அதன் மேலும் முந்திரி இருக்கும். முட்டை சேராத வெனிலா ஐஸ்கிரீம், மேலே எதுவும் தூவாமல், எட்டுப் பேருக்கும் பொருந்தும். அது எந்த கம்பெனி ஐஸ்கிரீம் என்று கேட்டு, டப்பாவில் பச்சை வட்டம் இருக்கிறதா, உட்பொருள் பட்டியலில் முந்திரி உண்டா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.